கிண்ணத்து நாணயமும் கதிர்ப்படமும்: கேள்வி பதில்

சார், கிண்ணத்தின் விளிம்பு மறைக்கும் நாணயம் தண்ணீர் ஊற்றியதும் கண்ணுக்குத் தெரியும் சோதனையைப் பத்தாம் வகுப்பில் செய்து காட்டினேன். தண்ணீர் ஊற்றியும் பலருக்கு நாணயம் தெரியவில்லை. சிலருக்கு ஊற்றும் முன்பே தெரிந்துவிட்டது. எங்கே தப்பு? (அரசுப் பள்ளி ஆசிரியை)

எல்லாரையும் சுற்றி நிற்க வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தச் சோதனையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கண்ணுக்கான இடத்தைத் தானே பிடிக்க வேண்டும். கிண்ணத்தின் இந்தப் பக்க விளிம்பு நாணயத்தை அப்போதுதான் மறைத்தது என்கிற இடம் வரும்வரை பின்னால் நகர்ந்து, தலையை அசைக்காமல் நிற்கட்டும். தண்ணீரை இன்னொருவர் ஊற்றட்டும். நாணயத்தைக் கொஞ்சம் மெழுகு வைத்து ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் தள்ளி நாணயம் நகர்ந்துவிடும். "நகர்ந்ததால்தான் தெரிகிறது" என்று ஒரு பையன் கட்டாயம் சொல்வான், அவனை மறுக்கவும் முடியாது.

அடுத்தது பாத்திரம். 8 செ.மீ. உயரம், நேரான சுவர் உள்ள எவர்சில்வர் பாத்திரம் என்று வைத்துக்கொள்வோம். பார்வை 45 டிகிரி சாய்வில் விளிம்பைத் தொட்டு இறங்குகிறது. அப்படிப் பார்க்கும்போது 1 செ.மீ. தண்ணீருக்கு அடியில் சுமார் 0.37 செ.மீ. கூடுதலாகத் தெரியவரும். 4 செ.மீ. ஊற்றினால் ஒன்றரை செ.மீ. தெரியும். இரண்டரை செ.மீ. அகல நாணயம் முழுசாகத் தெரிய ஏறக்குறைய 6.7 செ.மீ. தண்ணீர் வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் செய்தால் ஓரம் மட்டும் எட்டிப் பார்ப்பது இதனால்தான். முதலில் தெரிவது நாணயத்தின் அந்தப் பக்கத்து ஓரம். இந்தப் பக்கத்து ஓரம் முதலில் தெரிந்தது என்று யாராவது சொன்னால், நாணயமோ தலையோ நகர்ந்திருக்கிறது.

நான் இப்படித்தான் சொல்லித் தருகிறேன்: தண்ணீர் அடர்வு மிகு ஊடகம், அதனால் கதிர் செங்குத்துக்கோட்டை நோக்கி வளைகிறது, நாணயம் மேலே தெரிகிறது. சரிதானே? (ட்யூஷன் எடுப்பவர்)

ஊடகத்தைப் பற்றிச் சொன்னது சரி, கதிரின் திசைதான் தலைகீழ். ஒளி கண்ணிலிருந்து கிளம்பவில்லை, நாணயத்திலிருந்து கிளம்புகிறது. தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது செங்குத்துக்கோட்டை விட்டு விலகிப் போகும். உங்கள் பிள்ளைகளின் படத்தில் அம்புக்குறியைப் பாருங்கள். பலர் கண்ணிலிருந்து நாணயத்துக்குப் போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, ஒரே ஒரு கதிரை வரைந்து பிம்பத்தைக் குறிக்க முடியாது. ஒரு கதிரைப் பின்னால் நீட்டினால் பிம்பம் அந்தக் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு கதிர் வேண்டும். வரைபடத் தாளில் இப்படி வரையச் சொல்லுங்கள். 6 செ.மீ. ஆழத்தில் நாணயத்தை ஒரு புள்ளியாக வையுங்கள். அதிலிருந்து செங்குத்துக்கு 20 டிகிரியிலும் 30 டிகிரியிலும் இரண்டு கதிர்களை ஒரே பக்கமாக நீர்மட்டம்வரை இழுங்கள். தொடும் இடங்களில் செங்குத்துக்கோடு போட்டுவிட்டு, காற்றில் முதல் கதிரை 27 டிகிரியிலும் இரண்டாவதை 42 டிகிரியிலும் வரையுங்கள் (ஒளிவிலகல் எண் 1.33). பிறகு காற்றில் உள்ள இரண்டு கோடுகளையும் புள்ளிக்கோடாகப் பின்னால் நீட்டினால், நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 3.4 செ.மீ. ஆழத்தில் சந்திக்கும். அந்த இடம்தான் மாயபிம்பம்.

6-ஐ 1.33-ஆல் வகுத்தால் 4.5 தானே? உங்களுக்கு ஏன் 3.4 வருகிறது? அதோடு பிம்பம் நாணயத்துக்கு நேர் மேலேதானே இருக்க வேண்டும்? (கல்லூரி மாணவி)

4.5 என்பது நேர் மேலிருந்து பார்க்கும்போது. சாய்வாகப் பார்க்கப் பார்க்க ஆழம் இன்னும் குறைந்து தெரியும். குளத்தின் தூரத்துப் பக்கம் ஆழமே இல்லாததுபோல் தெரிவதும் இதனால்தான். கணக்குச் சூத்திரத்தையும் சாய்ந்த படத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது வகுப்புகளில் சாதாரணமாக நடக்கிறது.

நேர் மேலேயா என்பது நல்ல கேள்வி. நான் சொன்ன படத்தில் சந்திக்கும் புள்ளி கண் இருக்கும் பக்கமாக அரை செ.மீ. அளவு தள்ளித்தான் வரும். ஆனால் பக்கவாட்டில் விரியும் கதிர்களை எடுத்துக்கொண்டால் அவை நாணயத்துக்கு நேர் மேலே சந்திக்கும். நம் கண்கள் பக்கம் பக்கமாக இருப்பதால் மூளை எதை எடுத்துக்கொள்கிறது என்பதில் எனக்கும் சக ஆசிரியர்களுக்கும் இன்னும் தகராறுதான். பத்தாம் வகுப்பில் இதைக் கிளற வேண்டாம். ஆனால் ஒழுங்காக வரைந்து பிம்பத்தைக் கொஞ்சம் தள்ளிக் குறித்த பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

என் மகன் நாணயத்தின் மேல் கண்ணாடி டம்ளரை வைத்துத் தண்ணீர் ஊற்றினான். நாணயம் மறைந்துவிட்டது! சோதனை தோற்றுவிட்டதா? (ஒரு அப்பா)

இல்லை, அவன் செய்தது வேறு சோதனை. நாணயம் டம்ளருக்கு வெளியே, அடியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய காற்று. அந்தக் காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி மேல்நோக்கி ஒடுங்கிவிடுகிறது. டம்ளரின் பக்கச் சுவரில் படும்போது பெரும்பாலும் முழு அகப் பிரதிபலிப்பு ஆகிவிடும், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு வந்து சேராது. மேலிருந்து பார்த்தால் நாணயம் தெரியும். டம்ளரைத் தூக்கி, நாணயத்தின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, காற்று சிக்காமல் மறுபடி வைக்கச் சொல்லுங்கள். இப்போது பக்கத்திலிருந்தும் நாணயம் தெரியும்.