விபத்துக்குப் பின் எடுக்கும் அவசர வயிற்று ஸ்கேன் எதைக் காட்டும்?

"பைக் விபத்தில் அடிபட்ட தம்பிக்கு ஸ்ட்ரெச்சரிலேயே ஸ்கேன் எடுத்து, வயிற்றில் ரத்தம் தெரியவில்லை என்றார்கள், பிறகு சிடி எதற்கு?"

வயிற்றுக்குள்ளும் இதயத்தைச் சுற்றியும் திரவம் தேங்கியிருக்கிறதா என்பதை மட்டும் சில நிமிடங்களில் பார்க்கும் இந்த அல்ட்ராசவுண்டை ஃபாஸ்ட் ஸ்கேன் என்பார்கள். மேடுபள்ளமான தரையில் கொட்டிய நீர் பள்ளத்தில் தேங்குவதைப் போல, மல்லாந்து படுத்திருப்பவரின் வயிற்றில் கசியும் ரத்தம் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையிலும், மண்ணீரலைச் சுற்றியும், இடுப்புக்குழியிலும் சேர்ந்து, திரையில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருப்பவரிடம் அந்தப் பட்டை தெரிந்தால், சிடிக்குக் காத்திராமல் நேரே அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்ல அது பெரும்பாலும் போதும். இதன் உண்மையான பலம் அதுதான். ஆனால் ஏறத்தாழ 200 மில்லிக்குக் குறைவான கசிவும், குடல் கிழிவும், வயிற்றறைக்குப் பின்புறம் தேங்கும் ரத்தமும் இதன் கண்ணில் படாமல் போகலாம். ஆகவே 'ரத்தம் தெரியவில்லை' என்பதைக் 'காயமே இல்லை' என்று கொள்வது தவறு. அடுத்து சிடி எடுப்பதும், வலி கூடினாலோ நாடி வேகமெடுத்தாலோ மருத்துவர்கள் மறுபடி பார்ப்பதும் அதனால்தான்.