ஒட்டிய மேசைப் பலகை நுனியில் விரிவது ஏன்?

"மூன்று வேப்பம் பலகைகளை ஒட்டி ஐந்தடி மேசைக்கு மேற்பலகை செய்தேன். சோளகம் தொடங்கியதும் இரண்டு நுனியிலும் மூட்டு விரிந்துவிட்டது. கிளாம்ப் இன்னும் இறுக்கியிருக்க வேண்டுமா?"

இல்லை, இறுக்கம் காரணமாக இருக்காது. பலகையின் நுனி வெட்டு நடுப்பகுதியைவிட விரைவாக ஈரத்தை விடும். யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று வீசும்போது நுனி முதலில் சுருங்கி, மூட்டை இழுத்துத் திறக்கிறது.

இதற்கு ஓடாவிமார் செய்வது இதுதான்: விளிம்புகளைச் சீவும்போது நடுவில் மட்டும் இன்னும் ஓரிரு தரம் சீவுவார்கள். இரண்டு பலகையையும் சேர்த்து வைத்தால் நுனிகள் தொட வேண்டும், நடுவில் தடித்த தாள் ஒன்று நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கிளாம்பைக் கையால் இறுக்கும்போதே இடைவெளி மூடினால் அளவு சரி. அப்போது நுனிகள் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும்.

அப்புறம் வெள்ளைப் பசை பூசி, கிளாம்புகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் பலகை வளையும். மூட்டு நெடுக மணிமணியாகப் பசை பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் ஒன்றில் பசை போதவில்லை, இல்லை விளிம்பு பொருந்தவில்லை.

விரிந்த மூட்டுக்குள் பசை ஊற்றி இறுக்காதீர்கள், திரும்பவும் விடும். அந்தக் கோட்டிலேயே அறுத்து, விளிம்பைப் புதிதாகச் சீவி ஒட்டுங்கள். நுனி வெட்டுக்கும் மறக்காமல் வார்னிஷ் பூசுங்கள்.