மாங்காய் ஒப்பந்தத்தை ஆலை மீறினால் நஷ்டஈடு எவ்வளவு?

"கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் பேக்டரியோட 40 டன் பெங்களூரா மாங்காய், பேக்டரி வாசல்ல கிலோ 20 ரூபாய்னு எழுத்துல ஒப்பந்தம். லோடு போன அன்னைக்கு வேண்டாம்னுட்டாங்க. அன்னைக்கே இன்னொரு பேக்டரி மொத்தத்தையும் 14க்குக் கேட்டது, நான் கொடுக்கல. 10 நாள் கழிச்சு 30 டன் 6 ரூபாய்க்குப் போச்சு, மீதி அழுகிடுச்சு. குத்தகை, மருந்து, பறிப்பு, வண்டி எல்லாம் சேர்த்து செலவு 5,70,000. செலவையும் வரவேண்டிய லாபத்தையும் சேர்த்து கேஸ் போடலாமா?"

கேஸ் போடலாம். ஆனால் செலவு, லாபம் இரண்டையும் நீங்கள் நினைக்கிற மாதிரி கூட்ட முடியாது. நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால் உறுதியாக நிற்கக்கூடிய தொகை 2,40,000 ரூபாயும் அதோடு சில்லறைச் செலவும்தான். 6 ரூபாய்க்கு விற்றதால் வந்த கூடுதல் நஷ்டம் பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான் விழும். "விவசாயி வயிற்றில் அடித்த ஆலைக்கு வக்காலத்தா?" என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஒப்பந்தத்தை மீறியது ஆலைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மீறலுக்கு எவ்வளவு பணம் என்பது தனிக் கேள்வி. அதற்கு இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 73 சொல்கிற கணக்கைத்தான் எழுதுகிறேன்.

ஒப்பந்தம் ஒழுங்காக நடந்திருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ, பணத்தால் முடிந்தவரை அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் இந்தப் பிரிவின் அடிப்படை. நடந்திருந்தால் 40,000 கிலோவுக்கு 8,00,000 கைக்கு வந்திருக்கும். அதில் செலவு 5,70,000 போக லாபம் 2,30,000. இப்போது செலவையும் முழு விலையையும் கூட்டி 13,70,000 என்று நோட்டீஸ் விட்டால், ஒப்பந்தம் நடந்திருந்தால் கிடைத்திருக்கும் நிலையைவிட மேலான நிலையைக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த 8,00,000 வந்திருந்தாலும் குத்தகையும் மருந்தும் அதிலிருந்துதான் போயிருக்கும்.

செலவையும் நிகர லாபத்தையும் கூட்டினால் (5,70,000 + 2,30,000) மறுபடி அதே 8,00,000தான் வருகிறது. அதில் கூட்டல் பிழை இல்லை, ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. ஆலை வேண்டாம் என்று சொன்ன பிறகும் காய் உங்கள் கையில்தானே இருந்தது? அதற்கு அன்றைக்கு ஒரு விலை இருந்தது. 14 ரூபாய் வீதம் 5,60,000. அதைக் கழித்தால் மிஞ்சுவது 2,40,000. கிலோவுக்கு 20க்கும் 14க்கும் இடையிலுள்ள 6 ரூபாய் வித்தியாசத்தை 40,000 கிலோவால் பெருக்கினாலும் இதே தொகைதான். எந்த வழியில் போனாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் கணக்கு சரி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதன்மேல், திருப்பி அனுப்பிய லோடுக்கு வந்த வண்டி காத்திருப்புக் கூலி, இன்னொரு ஆலைக்குக் கொண்டுபோக ஆகும் கூடுதல் வாடகை, இரண்டாம் முறை இறக்கிய கூலி ஆகியவற்றைச் சேர்க்கலாம். மீறலின் நேரடி விளைவு அவை. ரசீது வேண்டும்.

அடுத்தது அந்த 10 நாள். பிரிவு 73-இன் கடைசியில் ஒரு விளக்கம் இருக்கிறது: நஷ்டத்தைக் கணக்கிடும்போது, மீறலால் வந்த சங்கடத்தைச் சரிசெய்ய என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நஷ்டத்தைக் குறைக்கும் கடமை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நியாயமாகத் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டத்தை மீறியவனிடம் வசூலிக்க முடியாது. உங்களுக்கு உண்மையில் வந்தது 1,80,000 மட்டும், ஆகவே கைநஷ்டம் 6,20,000. அதில் 2,40,000 ஆலையின் மீறலால் வந்தது. மீதி 3,80,000 நீங்கள் 14ஐ மறுத்துக் காத்திருந்ததால் வந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும். பறித்த பெங்களூரா சில நாளில் பழுக்க ஆரம்பித்துவிடும், விற்பனைக்கு அவகாசம் கிடையாது என்பதும் அவர்களுக்கே சாதகம்.

ஆனால் உங்கள் பக்கமும் பேச இடம் இருக்கிறது. வேறு வழி இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு பொதுவாக மீறியவர் மீதுதான். நெருக்கடியில் மாட்டியவன் எடுத்த முடிவை, பிற்பாடு உட்கார்ந்து தராசில் மயிரிழை பார்த்து நிறுக்கக் கூடாது என்று அப்போது இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையே 1932இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நியாயமான முயற்சி போதும். ஊர் ஊராக அலைந்திருக்க வேண்டியதில்லை, கையில் இல்லாத பணத்தைப் போட்டுக் குளிர்பதன அறை பிடித்திருக்க வேண்டியதுமில்லை.

இதில் இரண்டு விஷயம் முக்கியம், இரண்டையும் நீங்கள் எழுதவில்லை. வேண்டாம் என்ற அன்று 40 டன்னும் பறித்தாகிவிட்டதா, பாதி மரத்திலேயே இருந்ததா? பறித்த காய்க்குக் காத்திருந்தது நியாயம் என்று காட்டுவது கஷ்டம். மரத்தில் இருந்த காய்க்குச் சில நாள் பொறுத்துப் பார்த்தேன் என்பது ஏற்கத்தக்க வாதம். ஆகவே இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள்.

அதைவிடப் பெரியது, அந்த நாட்களில் ஆலை உங்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பது. "ரெண்டு நாள் பொறுங்க, எடுத்துக்கறோம்" என்று மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் கணக்கே மாறிவிடும். அவர்கள் பேச்சை நம்பிக் காத்திருந்த நாட்களை அவர்களே உங்கள் தவறாகக் காட்ட முடியாது. கடைசியாகக் கைவிரித்த நாளின் விலையைத்தான் பார்க்க வேண்டும் என்று வலுவாக வாதிடலாம். உதாரணத்துக்கு, நான்காம் நாள் கைவிரித்து, அன்று விலை 11 ரூபாய் என்றால், வித்தியாசம் 9 ரூபாய், தொகை 3,60,000. ஒரு செய்தியால் 1,20,000 கூடுகிறது. அந்தப் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். வாட்ஸ்அப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்க, பாரதிய சாக்ஷ்ய அதிநியமம், 2023, பிரிவு 63-இன் கீழ் சான்றிதழ் வேண்டும். பிரிண்ட் எடுத்து நோட்டரி முத்திரை குத்தினால் மட்டும் போதாது.

இதே மாதிரி அடுத்த பருவத்தில் மாட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலை மறுத்த அதே மணி நேரத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "உங்கள் மறுப்பால் நாளை காலை 10 மணிக்குப் பிறகு வெளியில் கிடைக்கும் விலைக்கு விற்கிறேன், இப்போதைக்கு 14 வந்திருக்கிறது, வித்தியாசம் உங்கள் பொறுப்பு." பிறகு சொன்னபடி விற்றுவிடுங்கள். குறைந்த விலைக்கு விற்றால் வழக்கு போய்விடும் என்று பயந்துதான் பலரும் காயை அழுகவிடுகிறார்கள். விற்றால்தான் வழக்கு பலப்படும். அழுகும் சரக்கை மறுவிற்பனை செய்ய முன்னறிவிப்புகூடத் தேவையில்லை என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 54. ஆனாலும் செய்தி அனுப்புவது சாட்சிக்கு நல்லது.

விலைக்குச் சாட்சி இல்லாமல் போனால் எல்லாமே போகும். முரளிதர் சிரஞ்சிலால் வழக்கில் (ஏ.ஐ.ஆர். 1962 உச்ச நீதிமன்றம் 366) கித்தான் துணி கான்பூரில் ஒப்படைக்கப்பட வேண்டியது. விற்றவர் தரவில்லை. வாங்க இருந்தவர் கல்கத்தா விலையைக் காட்டினார். கான்பூரில் அன்றைய விலை என்ன என்று நிரூபிக்கவில்லை. மீறல் உறுதியாகியும் நஷ்டஈடு கிடைக்கவில்லை. உங்களுக்கு ஒப்படைக்கும் இடம் ஆலை வாசல். ஆகவே சித்தூர் விலையோ பேப்பரில் வந்த விலையோ உதவாது. அந்தத் தேதியில் அந்த வட்டாரத்தில் மற்ற தோட்டக்காரர்கள் போட்ட லோடின் எடைச்சீட்டு, பில், அவர்களில் ஒருவரின் சாட்சியம் வேண்டும். 14க்குக் கேட்ட ஆலையின் செய்தியை மறைக்கப் பார்க்காதீர்கள். உங்கள் சந்தை விலைக்கு அதுதான் சாட்சி. காய் தரமில்லை என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதற்கும் அதுவே பதில்.

"லாபத்தை விட்டுவிட்டு, அவர்களை நம்பிச் செலவழித்ததை மட்டும் கேட்டால் என்ன?" என்று அடுத்துக் கேட்பீர்கள். அப்படிக் கேட்கவும் ஒரு வழி உண்டு, லாபத்தை நிரூபிக்க முடியாத இடத்தில் அது பயன்படும். உங்களுக்கு அது நஷ்டம். செலவு 5,70,000, காயை விற்றிருந்தால் வந்திருக்கும் 5,60,000ஐ அதிலும் கழிக்க வேண்டும், மிஞ்சுவது 10,000 ரூபாய். ஒப்பந்த விலையே செலவுக்குக் கீழே இருந்தாலும் இந்த வழி காப்பாற்றாது. கிலோ 12 என்று பேசியிருந்தால் 4,80,000தான் வந்திருக்கும், 90,000 எப்படியும் உங்கள் நஷ்டம். அந்த மோசமான பேரத்தின் நஷ்டத்தை மீறியவன் தலையில் கட்ட முடியாது.

இந்த வழி உண்மையில் கைகொடுக்கும் இடம் வேறு. நம் பக்கத்து ஒப்பந்தங்கள் பலவற்றில் விலை என்ற இடத்தில் "அன்றைய விலை" என்று எழுதுகிறார்கள், தோட்டக்காரருக்குப் பிரதிகூடத் தருவதில்லை. இது எனக்குத் தீராத ஆத்திரம். அப்படி எழுதினால் ஒப்பந்த விலையும் சந்தை விலையும் ஒன்றே, வித்தியாசம் பூஜ்யம். ஆலை தைரியமாகக் கைவிரிக்கலாம். அப்போது மிஞ்சுவது அவர்களை நம்பி லோடு ஏற்றியதில் வீணான வண்டி வாடகை, கூலி, வாசலில் காத்திருந்தபோது கெட்ட காய், இவ்வளவுதான். ஒரு எண்ணாவது எழுத வையுங்கள், "கிலோ 15க்குக் குறையாமல்" என்றாவது.

கந்து வட்டி ஏறியது, வேறு கடன் கட்ட முடியாமல் போனது, மன உளைச்சல் இவற்றையெல்லாம் நோட்டீஸில் சேர்க்காதீர்கள். பணம் வராததால் ஒருவன் அடியோடு நொடித்துப் போனாலும் அசலும் வட்டியும்தான் என்று பிரிவு 73-இன் உதாரணங்களில் ஒன்றே சொல்கிறது. ஒப்பந்தத்தில் "மீறினால் இவ்வளவு" என்று ஒரு தொகை இருந்தால், பிரிவு 74-இன்படி அதற்கு மேல் கிடைக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 13,70,000 கேட்டால் முதலிலேயே 41,100 கட்ட வேண்டும். 2,40,000 என்றால் 7,200. மீறிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்கு போட வேண்டும். ஒப்பந்தத் தாளையும் அந்த 10 நாள் செய்திகளையும் உங்கள் வக்கீல் நேரில் பார்த்த பிறகுதான் தொகையை எழுதச் சொல்லுங்கள். தாளைப் பார்க்காமல் நான் இங்கே எழுதியது நீங்கள் சொன்ன எண்களுக்கு மட்டும்தான்.