உடம்பு போட்டதா, நீர் கோத்ததா? – கேள்வி பதில்

கேள்வி (பெரம்பூர்): அப்பாவுக்கு 61 வயசு. சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. மூணே வாரத்துல 74 கிலோவிலிருந்து 79.5 ஆயிட்டார். ரிடையர் ஆனதிலிருந்து உட்கார்ந்தே இருக்கார், அதான் தொப்பை போட்டுடுச்சுன்னு நடக்கச் சொல்றோம். நடந்தா மூச்சு வாங்குது. சோத்தைப் பாதியாக்கியும் எடை இறங்கலை. என்ன டயட் கொடுக்கலாம்?

பதில்: டயட்டை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி சாப்பிட்டாக வேண்டும். ஐந்தரை கிலோவுக்கு 42,000 தாண்டும். 21 நாளில் வகுத்தால் தினம் 2,000 கலோரி கூடுதல். அதாவது உங்கள் அப்பா ஒவ்வொரு நாளும் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்களோ பாதியாகக் குறைத்திருக்கிறீர்கள். ஆக, ஏறியதில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்க வழியில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து லிட்டர் உள்ளே தேங்கியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இன்று சாயங்காலம் அவரை உட்கார வைத்து, கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே, முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். சதையில் அமுக்கினால் தெரியாது, எலும்பின் மேல்தான் அமுக்க வேண்டும். விரலை எடுத்த பிறகும் குழி நின்றால் அது நீர். குழி விழவில்லை என்பதால் நிம்மதி அடையவும் வேண்டாம். இரண்டு மூன்று லிட்டர் சேர்ந்த பிறகுதான் பெரும்பாலும் குழி தெரியும், எடை அதற்கு முன்பே ஏறிவிடும். ராத்திரி எத்தனை தலையணை, எத்தனை முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார், என்னென்ன மாத்திரை என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி (அவரே மறுபடி): அமுக்கினேன், குழி நல்லா விழுது. சாக்ஸ் தடமும் ராத்திரி வரைக்கும் போகலை. ஒரு தலையணை வெச்சிருந்தவர் இப்போ ரெண்டு வெச்சுக்கறார், படுத்தா இருமல் வருதாம். சுகர் மாத்திரையில மெட்ஃபார்மினோட பயோகிளிட்டசோன்னு போட்டிருக்கு. பிரஷருக்கு அம்லோடிபின். முட்டிவலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு மாசமா போடறார்.

பதில்: படுத்தால் இருமல், கூடுதல் தலையணை என்பது சளித் தொல்லை மாதிரி தோன்றும். ஆனால் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. பலவீனமான இதயத்தால் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் தேங்குகிறது. நடந்தால் மூச்சு வாங்குவதும் இதோடு சேரும். இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாத்திரைகளில் மெட்ஃபார்மின் தவிர மற்ற மூன்றுமே வீக்கம் தரக்கூடியவை, ஆனால் ஒரே விதமாக அல்ல. அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். ஐந்து கிலோவையும் இரண்டு தலையணையையும் அதன் தலையில் கட்ட முடியாது. பயோகிளிட்டசோன் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்யும். இதயம் பலவீனமானவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. டைக்ளோஃபெனாக்கும் உப்பைப் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தையும் சோர்வடையச் செய்யும். மாதக்கணக்கில் சேர்ந்து வந்த பலவீனம் இந்த ஒரு மாதத்தில் வெளியே தெரிந்திருக்கலாம்.

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல், சீட்டோடு நாளைக்குள் டாக்டரிடம் போங்கள். ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, எக்கோ, ரத்தத்தில் இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி, கிரியேட்டினின், பொட்டாசியம், அல்புமின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். சிறுநீரில் புரதம் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். பல வருட சுகர் இருப்பவருக்கு இதயமும் சிறுநீரகமும் சேர்ந்தே காரணமாக இருக்கலாம், பரிசோதனை வரும்வரை அதை யாரும் முடிவு செய்ய முடியாது. பருமனானவர்களுக்கு அந்த என்டி-ப்ரோபிஎன்பி அளவு உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அதனால் அது மட்டும் சரியாக இருக்கிறது என்று எக்கோவைத் தவிர்க்க வேண்டாம்.

பக்கத்து வீட்டில் யாராவது 'நீர் மாத்திரை' வைத்திருந்தால் வாங்கிக் கொடுக்காதீர்கள். பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தடுமாறலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தாலோ நாளை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி (மயிலாப்பூர்): இவ்வளவு எதுக்குங்க? கால் வீங்கினா கிட்னிதான். பார்லித் தண்ணியும் வாழைத்தண்டுச் சாறும் தினம் ரெண்டு செம்பு குடிச்சா நீர் தானா பிரியும். எங்க வீட்டுல எல்லாருக்கும் அதான்.

பதில்: பாதி சரி, ஐயா. இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகிய மூன்றின் நோயிலுமே நீரைப் பிடித்து வைப்பது சிறுநீரகம்தான். இதயம் பலவீனமானாலும் கல்லீரல் சுருங்கினாலும், ரத்தக் குழாயில் அழுத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் எண்ணிக்கொள்கிறது. உப்பையும் நீரையும் விடாமல் சேமிக்கிறது. சிறுநீரகத்துக்கே நோய் என்றால் அது வேறு கதை. ஆகவே கால் வீங்கியது என்பதை மட்டும் வைத்து எந்த உறுப்பு என்று சொல்ல முடியாது.

மீதிப் பாதியில்தான் ஆபத்து. விடாமல் சேமிக்கிற உடம்புக்கு இன்னும் இரண்டு செம்பு ஊற்றினால் அதுவும் சேமிப்பில்தான் சேரும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாழைத்தண்டுச் சாற்றின் பொட்டாசியம் கூடுதல் தொல்லை. நல்ல சிறுநீரகம் உள்ளவர் குடித்தால் பிரச்சினை இல்லை, அவருக்கு அது தேவையும் இல்லை.

கேள்வி (வேளச்சேரி): பையனுக்கு 5 வயசு. பத்து நாள்ல 17 கிலோ 19.5 ஆயிருக்கு. கன்னம் வந்து அழகா இருக்கான்னு மாமியார் திருஷ்டி சுத்திப் போட்டாங்க. காலையில கண்ணு மட்டும் பூரி மாதிரி இருக்கு, மத்தியானம் சரியாயிடுது. அலர்ஜின்னு சிரப் கொடுத்தாங்க.

பதில்: அந்த வயதில் இரண்டரை கிலோ ஏற ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம். நாளைக் காலை முதல் சிறுநீரை லேப்பில் கொடுத்து அல்புமின் பாருங்கள். ஸ்ட்ரிப் நனைத்துப் பார்க்கிற பரிசோதனைதான், சில நிமிட வேலை. மூன்று பிளஸ், நாலு பிளஸ் என்று வந்தால் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது, நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோயாக இருக்கலாம், குழந்தைநல மருத்துவரை அன்றே பார்க்க வேண்டும்.

கண்ணைச் சுற்றியுள்ள தோல் மெல்லியது. ராத்திரி படுத்திருக்கும்போது நீர் அங்கே தேங்கி, பகலில் ஓடியாடும்போது காலுக்கு இறங்கிவிடும். அதனால்தான் மத்தியானம் 'சரியாகிறது'. ஜட்டி எலாஸ்டிக் தடம் ஆழமாக இருக்கிறதா, விதைப்பை வீங்கியிருக்கிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா, நுரை நிற்கிறதா என்று பாருங்கள். கிரியேட்டினின் மட்டும் எடுத்து நார்மல் என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். இந்த நோயில் அது பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் ஸ்டீராய்டு மருந்துக்கு நாலு வாரத்துக்குள் கட்டுப்படுவார்கள். காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் மட்டும் லேப் முடிவுக்கும் காத்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

கேள்வி (திருவான்மியூர்): அப்போ எனக்கும் நீர்தானா? போன மாசம் சோறு, சப்பாத்தி எல்லாம் நிறுத்தினேன், முதல் வாரமே 3 கிலோ குறைஞ்சது. ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டேன், ரெண்டு கிலோ வந்துடுச்சு.

பதில்: உங்களுடையதும் நீர்தான், நோய் இல்லை. மாவுச்சத்தை உடம்பு தண்ணீரோடு சேர்த்துத்தான் சேமிக்கும், இரண்டும் ஒன்றாகப் போகும், ஒன்றாக வரும். விருந்து உப்பும் சேர்ந்தது. சில நாளில் இறங்கிவிடும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அப்போது பேசலாம்.

கேள்வி (ராயபுரம்): வீட்டுக்காரருக்கு 48. எடை ஆறு மாசமா 68-லயே நிக்குது, ஆனா பேண்ட் 34 போய் 38 ஆயிடுச்சு. கை மட்டும் குச்சியா இருக்கு. 'எடை ஏறலையே, இது சும்மா தொப்பை'ங்கறார். தினம் குடிப்பார்.

பதில்: எடை நிற்பதுதான் இங்கே ஏமாற்று வேலை. கல்லீரல் நோயில் தசை கரையும், வயிற்றில் நீர் சேரும். ஐந்து கிலோ தசை போய் ஐந்து கிலோ நீர் வந்தால் மெஷின் அதே எண்ணைத்தான் காட்டும். அதனால் இவர் விஷயத்தில் எடை மெஷினைவிடத் தையல்கடை டேப்தான் உதவும். காலையில் வெறும் வயிற்றில் மல்லாந்து படுக்க வைத்து, தொப்புள் மட்டத்தில் வாரம் இருமுறை அளந்து எழுதுங்கள். கூடவே மேல்கையையும் அளங்கள்.

கொழுப்புத் தொப்பை என்றால் பெரும்பாலும் இரண்டு விரலால் தோலோடு கொத்தாகப் பிடிக்க முடியும், தொப்புள் உள்வாங்கியே இருக்கும். நீர் வயிறு மல்லாந்து படுத்தால் இரு விலாப் பக்கமும் பிதுங்கும், ஒருக்களித்தால் பிதுக்கம் கீழ்ப்பக்கத்துக்கு நகரும். தொப்புள் தட்டையாகவோ வெளியே தள்ளியோ இருக்கும். கொஞ்சமாகத்தான் நீர் என்றால் கையால் தெரியாது, அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும்.

கல்லீரல் பரிசோதனையில் என்சைம்கள் கிட்டத்தட்ட நார்மலாக வந்தாலும் நம்பி விடாதீர்கள். சுருங்கிப்போன கல்லீரலில் என்சைம் அதிகம் ஏறாது. அல்புமின், பிளேட்லெட், ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் ஆகியவற்றைப் பாருங்கள். உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம், அங்கேயே காட்டலாம். முதல் தடவை நீர் தெரிந்தால் ஊசியால் சிறிது எடுத்துப் பரிசோதிப்பார்கள். பயப்பட வேண்டாம், அது அவசியம்.

தொப்பையைக் குறைக்கப் பட்டினி போடாதீர்கள், தசை இன்னும் கரையும். முட்டை, பருப்பு, மீன் கொடுங்கள், படுக்கும் முன் ஏதாவது சிற்றுண்டியும் இருக்கட்டும். குடியை நிறுத்துவதையும் டாக்டர் துணையோடு செய்யுங்கள். தினம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். காய்ச்சல், வயிற்று வலி, தார் மாதிரி கறுப்பு மலம், பகலெல்லாம் தூங்கி ராத்திரி உளறுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவு.

கேள்வி (அண்ணா நகர்): எனக்கு இடது கால் மட்டும் நாலு நாளா வீங்கி வலிக்குது. இதுவும் ஹார்ட்டா?

பதில்: ஒரு கால் மட்டும் என்றால் கதை வேறு. காலின் ஆழத்தில் உள்ள ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி இருக்கலாம். தேய்க்கவோ எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. இன்றே டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்.

கேள்வி (பெரம்பூர், மறுபடி): அப்பாவைக் காட்டினோம். இதயம்தான், பம்பிங் 35 சதவீதமாம். பயோகிளிட்டசோனை நிறுத்திட்டாங்க, நீர் மாத்திரை கொடுத்திருக்காங்க. வீட்டுல என்ன பார்த்துக்கணும்? தண்ணி எவ்வளவு குடிக்கலாம்?

பதில்: காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், காபிக்கு முன், அதே லுங்கியோடு, அதே மெஷினில் எடை. மெஷின் டைல்ஸ் தரையில் இருக்கட்டும், பாய் மேல் வேண்டாம். காலண்டரிலேயே எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், மூச்சு நன்றாக இருந்தாலும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

உப்பில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவைதான் முதலில் போக வேண்டும். கடையில் 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பை வாங்காதீர்கள், அதில் இருப்பது பொட்டாசியம். இதயத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை.

தண்ணீர் விஷயத்தில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சிலர் எல்லோருக்கும் ஒன்றரை லிட்டர் என்பார்கள். நிலைமை சீரானவருக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை என்பவர்களும் உண்டு. ரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தால் கண்டிப்பு அவசியம். உங்கள் அப்பாவின் சோடியம் எவ்வளவு என்று ரிப்போர்ட்டைப் பார்த்து, அடுத்த முறை போகும்போது சென்னை வெயிலையும் சொல்லி அளவு கேளுங்கள்.