அலங்காரப் பொருளும் கலையே என்று சொன்ன இயக்கங்கள்

கேள்வி: ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ், ஆர்ட் நூவோ என்றால் என்ன? திரைத்துணியை எப்படிக் கலை என்கிறார்கள்?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் ஓவியமும் சிற்பமும் உயர்கலை. நாற்காலி, துணி, விளக்கு எல்லாம் வெறும் சரக்கு. ஆலைகள் வந்தபின் வரைபவர் ஓரிடம், செய்பவர் வேறிடம் என்று ஆனது. இந்தப் பிரிவினைதான் பொருளைக் கெடுக்கிறது என்றது இங்கிலாந்தின் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கம்.

இவ்வியக்கத்தின் முன்னோடியான வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1883இல் வரைந்த 'ஸ்ட்ராபெரி தீஃப்' துணியைப் பாருங்கள். பழம் திருடும் பறவைகள் நிறைந்த அதன் நீலப் பின்னணி அச்சடித்ததல்ல. முதலில் துணி முழுவதையும் அவுரிச் சாயத்தில் முக்கினார்கள். பிறகு நிறம் நீக்கும் கலவையை மரஅச்சால் ஒற்றி, வேண்டிய இடத்தில் மட்டும் நீலத்தை எடுத்தார்கள். கருநீலச் சட்டையில் பிளீச்சிங் பவுடர் தண்ணீர் தெறித்தால் வெளுக்குமே, அதையே திட்டமிட்டுச் செய்வது போல. வெளுத்த இடங்களில் சிவப்பும் மஞ்சளும் ஏறின. அச்சு சற்று நகர்ந்தாலும் இலையோரம் வெள்ளையாகப் பல்லிளிக்கும். சாயத்தின் குணம் தெரியாதவர் இதை வரையவே முடியாது. கலை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

1888இல் லண்டனில் நடந்த இவ்வியக்கக் கண்காட்சியின் பட்டியலில் வடிவமைத்தவரோடு செய்தவர் பெயரும் இடம்பெற்றது.

அடுத்து ஐரோப்பாவில் பரவிய ஆர்ட் நூவோ என்ற அலங்காரப் பாணி இதே எண்ணத்தைக் கொடிபோல் வளையும் கோடுகளில் தெருவுக்குக் கொண்டுவந்தது. பாரிஸ் மெட்ரோ ரயிலுக்குக் கட்டடக் கலைஞர் எக்டர் கிமார் 1900இல் அமைத்த நுழைவாயில்கள் வார்ப்பிரும்பு. ஒரே அச்சில் பலமுறை வார்க்கலாம் என்பதால் ஒரே வடிவத்தைப் பல நிலையங்களில் வைக்க முடிந்தது.

மோரிஸ் இயந்திரத்தையே ஒதுக்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் நிறுவனம் விற்ற கம்பளங்களில் சில வெளி ஆலைகளின் இயந்திரத் தறியில் நெய்யப்பட்டவைதான்.