ரஷ்ய வீட்டுக்காரர்களுக்கு அஞ்சலட்டை: ‘விடைபெறுகிறேன்’ என்ற வரியைக் கவனியுங்கள்

கேள்வி: ரஷ்யாவில் படிக்கிறேன். என்னைத் தங்கள் வீட்டில் தங்க வைத்த குடும்பத்துக்கு ஒரு அஞ்சலட்டை அனுப்ப வேண்டும். தமிழில் எழுதி வைத்துவிட்டேன். அதை ரஷ்ய மொழிக்கு மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

படிப்பு முடிந்தோ, ஊர் மாறியோ அந்த வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி ஒரு சமயத்தில்தான் எழுதினேன், 2012இல். அந்த ஒரு அட்டையால் ஒரு பாட்டியை இரண்டு நாள் அழ வைத்துவிட்டேன். அதனால்தான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் த்வேர் நகரத்தில் மருத்துவம் படித்தேன். மாஸ்கோவுக்கு வடமேற்கே, வோல்கா கரையில் இருக்கும் ஊர். கடைசி இரண்டு வருடம் விடுதியில் இல்லை, ஒரு வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி நடத்தும் ஆசிரியை ஒருவரும் அவருடைய அம்மாவும்தான் வீட்டில். ஆசிரியையை அம்மா என்றும் அவருடைய அம்மாவைப் பாட்டி என்றும்தான் நான் கூப்பிடுவேன். வெளிநாட்டு மாணவருக்கு வீடு கொடுப்பவர்கள் அந்த முகவரியில் நம்மைப் பதிவு செய்ய வேண்டும், அந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் கதவைத் திறக்க மாட்டார்கள். இவர்கள் இரண்டு வருடமும் முகம் சுளிக்காமல் செய்தார்கள்.

படிப்பு முடிந்ததும் சான்றிதழ் வேலைக்காக மாஸ்கோவில் இரண்டு வாரம் இருக்க வேண்டியிருந்தது. த்வேரில் வாங்கி வைத்திருந்த அட்டையில் எழுதினேன். வோல்கா கரையில் 1955இல் வைத்த அஃபனாசி நிகீதின் சிலை அதன் படம். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்த ஊரிலிருந்து கிளம்பி இந்தியா வரை வந்த வணிகர் அவர். அந்தப் படத்தை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். எழுதியது இவ்வளவுதான்:

“அன்புள்ள அம்மாவுக்கும் பாட்டிக்கும், நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் ஞாபகமாகவே இருக்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். விடைபெறுகிறேன்.”

தமிழில் படித்துப் பாருங்கள். ஒரு குறையும் இல்லை. நம் ஊரில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் எழுதக்கூடிய வரிகள். எனக்குப் பேச்சு ரஷ்யன் நன்றாக வரும், எழுத்து அவ்வளவு வராது. அதனால் அகராதியை வைத்துக்கொண்டு, மாஸ்கோவில் இருந்த தமிழ் சீனியர் அண்ணன் ஒருவரிடம் உதவி கேட்டேன். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், நான் பார்த்து எழுதித் தபாலில் போட்டேன்.

ஐந்தாம் நாள் அலுவலகத்தில் வரிசையில் நின்றுவிட்டு வெளியே வந்து கைபேசியைப் பார்த்தால் த்வேரிலிருந்து பதினோரு அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “நீ தனியாகவா இருக்கிறாய்? உன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?” எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஏதோ செய்துகொள்ளப் போகிறேன் என்று பயந்திருக்கிறார்கள். அட்டையின் கடைசி இரண்டு வரிதான் காரணம்.

விடைபெறுகிறேன் என்பதற்கு நான் எழுதியிருந்த சொல் ‘ப்ரஷாய்தே’. அகராதியில் பிரிவு வாழ்த்து என்று இருக்கும், அது பொய்யில்லை. ஆனால் அது இனி பார்க்கவே மாட்டோம், அல்லது எப்போது பார்ப்போமோ தெரியாது என்கிற பிரிவுக்கான சொல். மன்னியுங்கள் என்று சொல்லும் ‘ப்ரஸ்தீத்தே’யும் அதே வேரிலிருந்து வருவதுதான். ஒன்றை எழுதி அடுத்ததாகவே மற்றதையும் எழுதினால், எல்லாவற்றுக்கும் மன்னித்துவிடுங்கள், நான் போகிறேன் என்று ஆகிவிடுகிறது. தமிழில் ‘தப்பு செய்திருந்தால் மன்னியுங்கள்’ என்பது கிளம்பும்போது சொல்லும் மரியாதை. ரஷ்ய மொழியில் அந்த இடத்தில் வந்தால் அதில் நிஜமான கனம் இருக்கிறது. அவர்களுக்கும் ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு, ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கேட்டால் யாரும் பதற மாட்டார்கள். ஊருக்குப் போகிற பெண் கோடைக்காலத்தில் அட்டையில் எழுதினால் பதறுவார்கள்.

நாம் போய் வருகிறேன் என்று சொல்வோமே, அந்த இடத்துக்கு அவர்களிடம் ‘த ஸ்விதானியா’ இருக்கிறது, மறுபடி பார்க்கும் வரை என்று பொருள். இன்னும் நெருக்கமாக ‘த ஃப்ஸ்த்ரேச்சி’. திரும்பப் போவோமா என்று நமக்கே தெரியாவிட்டாலும் இதைத்தான் எழுத வேண்டும். பொய் சொல்வதாக நினைக்காதீர்கள், போய் வருகிறேன் என்பதிலும் நாம் நாள் குறித்துக் கொடுப்பதில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே எலெக்த்ரீச்கா என்கிற மின்சார ரயிலைப் பிடித்து த்வேருக்குப் போனேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்புறம் சமையலறை மேசையில் அந்த அட்டையை வைத்து, அம்மா ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தார். உங்களுக்குப் பயன்படப் போவது இதுதான்.

முதல் வரியில் நான் ‘தயேஹல்’ என்று எழுதியிருந்தேன். வந்து சேர்ந்தேன் என்று பொருள், ஆனால் ஆண் சொல்வது. பெண் என்றால் ‘தயேஹலா’. எழுதிக் கொடுத்தவர் ஆண், அவர் கைப்பழக்கத்தில் அப்படி வந்துவிட்டது, நானும் யோசிக்காமல் பார்த்து எழுதிவிட்டேன். தமிழில் வந்தான், வந்தாள் என்று மற்றவர்களைச் சொல்லும்போதுதான் ஆண் பெண் தெரியும், வந்தேன் என்பதில் தெரியாது. ரஷ்ய மொழியில் இறந்தகாலத்தில் ‘நான்’ என்று சொல்லும்போதும் வினையில் தெரியும். நிகழ்காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதனால் யாரிடம் உதவி கேட்டாலும், அவர் ஆணா பெண்ணா என்று பார்த்து, நடந்து முடிந்ததைச் சொல்லும் ஒவ்வொரு வினையின் கடைசி எழுத்தையும் சரிபாருங்கள்.

இரண்டாவது, உங்கள் ஞாபகமாகவே இருக்கிறது. இதற்கு நான் ‘போம்னு’ என்று எழுதியிருந்தேன், நினைவில் வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். மறக்கவில்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான், ஏக்கம் அதில் இல்லை. பிரிந்து வருந்துவதற்கு ‘ஸ்குச்சாயு’ என்று சொல்ல வேண்டும். அடுத்து ‘பா வாஸ்’ என்று அம்மா எழுதினார். ‘பா வாம்’ என்றும் இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள், அவர் பழைய முறையை விடாத ஆசிரியை.

நன்றி வரியை அவர் தொடவே இல்லை. ‘நி ஸ்நாயு, காக் வாஸ் ப்லகதரீத்’. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை என்பதை ரஷ்யர்களும் இதே மாதிரிதான் சொல்கிறார்கள். தமிழிலிருந்து அப்படியே போய் உட்கார்ந்த ஒரே வரி.

அப்புறம் ‘வீ’ என்ற சொல். நம்முடைய நீங்கள் போலவே மரியாதைக்கும் பன்மைக்கும் அது ஒன்றுதான். கடிதத்தில் மரியாதைக்காகப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள், நானும் எல்லா இடத்திலும் பெரிய எழுத்துப் போட்டிருந்தேன். அது ஒரே ஒருவருக்கு எழுதும்போது மட்டும். இரண்டு பேருக்கோ குடும்பத்துக்கோ எழுதினால் சின்ன எழுத்துதான்.

அழைக்கும் பெயரில் நம் வழக்கத்தை அப்படியே கொண்டுபோக முடியாது. அங்கே வயதில் மூத்தவரைப் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து அழைப்பார்கள். அப்பா இவான் என்றால் மகள் இவானவ்னா, மகன் இவானவிச். உங்கள் வீட்டாரை நேரில் எப்படி அழைத்தீர்களோ அப்படியே அட்டையிலும் எழுதுங்கள், புதிதாக எதுவும் வேண்டாம். நான் அந்த இரண்டு வருடமும் மாமா, பாபுஷ்கா என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தேன். (அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மா.) அதில் அவர் கை வைக்கவில்லை.

முகவரியிலும் கவனம் வேண்டும். அட்டையில் ‘கமு’ என்று ஒரு கோடு இருக்கும். யாருக்கு என்று பொருள், நம் நான்காம் வேற்றுமைதான். ஆனால் நாம் பெயரை அப்படியே விட்டு ‘க்கு’ சேர்ப்போம், அங்கே பெயரின் வால் மாறும், குடும்பப் பெயரின் வாலும் மாறும். இவானவா என்ற பெண்ணுக்கு அனுப்பினால் இவானவய் என்று எழுத வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் என்றால் ‘செம்யே இவானவிஹ்’, இவானவ் குடும்பத்துக்கு. மாற்றாமல் எழுதினாலும் அட்டை போய்ச் சேரும், அதனால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு இலக்க அஞ்சல் எண்ணை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

ரஷ்யர்கள் வெளிநாட்டவர் தப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள். வேற்றுமை உருபில் தப்பு விட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்தான், என் பேச்சில் கடைசி வரை அந்தத் தப்பு இருந்தது, ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ப்ரஷாய்தே இலக்கணப் பிழை இல்லை. சரியாக எழுதப்பட்ட வேறு செய்தி. அதைப் படிப்பவருக்கு, இது தப்பு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதில் இன்னொரு வருத்தமும் சேர்ந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். எங்களை அனுப்பிய ஏஜென்ட், ரஷ்ய மொழி தேவையே இல்லை, எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்று என் அப்பாவிடம் சத்தியம் செய்தார். மருத்துவமனை வகுப்பு தொடங்கியதும் நோயாளி ரஷ்ய மொழியில்தானே எங்கே வலிக்கிறது என்று சொல்வார்? அது புரியாமல் சுவரோரம் நின்றுவிட்டு வந்த பிள்ளைகள் எத்தனை பேர். அப்புறம் ஊருக்கு வந்தால் 300க்கு 150 எடுக்க வேண்டிய தகுதித் தேர்வு, அதையும் எழுதித் தேறிய பிறகும் “ஓ, ரஷ்யாவா” என்று ஓர் இழுப்பு. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

சரி, அட்டைக்கு வருகிறேன். திருத்திய அட்டையில் மன்னிப்பு வரியே இல்லை. கடைசியில் ‘த ஃப்ஸ்த்ரேச்சி. அப்நிமாயு’ என்று எழுதினேன். இரண்டாவது சொல்லுக்கு அணைத்துக்கொள்கிறேன் என்று பொருள். நெருங்கியவர்களுக்கு அவர்கள் சாதாரணமாக எழுதி முடிக்கும் விதம் அது. பெரியவர்களுக்கு அப்படி எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது, “இதை எழுதவில்லை என்றால்தான் பாட்டி வருத்தப்படுவாள்” என்றார் அம்மா.

நீங்கள் ஆணா பெண்ணா, அட்டை ஒருவருக்கா குடும்பத்துக்கா, நேரில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேள்வியில் இல்லை. கருத்துப் பெட்டியில் அதையும் உங்கள் தமிழ் வரிகளையும் போடுங்கள், அவர்களுடைய பெயர் வேண்டாம். நான் மாற்றித் தருகிறேன்.