வாங்கியவர் கட்டிய டிடிஎஸ் என் 26AS-ல் வரவில்லை

"அப்பா மறைவுக்குப் பின் எனக்கு மட்டும் வந்த கடலூர் வீட்டை 72 லட்சத்துக்கு விற்றேன். வாங்கியவர் 72,000 ரூபாய் பிடித்துக் கட்டிவிட்டார். என் வரிவரவுகளைக் காட்டும் 26AS-ல் அது இல்லை."

இதைத் திருத்தவேண்டியவர் வாங்கியவர்தான். உங்கள் கணக்கிலிருந்து அதைச் செய்ய இயலாது. தாய்ப்பத்திரம் அப்பா பெயரில் இருப்பதால், அவர் டிடிஎஸ் கட்ட நிரப்பிய படிவம் 26QB-யில் விற்பவருக்கான இடத்தில் அப்பாவின் பான் எண்ணையே பதிந்திருக்கக்கூடும். வாங்கியவரிடம் டிடிஎஸ் சான்றிதழான படிவம் 16B-யைக் கேட்டு, அதிலுள்ள விற்பவரின் பான் எண்ணைப் பாருங்கள்.

அது அப்பாவுடையது என்றால், வாங்கியவர் வருமானவரித் துறையின் டிடிஎஸ் தளமான டிரேசஸில் தம் பான் எண்ணால் நுழைந்து, `Statements/Forms` பகுதியில் `Request for Correction` என்பதைத் தேர்ந்து, 26QB ஒப்புகை எண்ணைக் கொடுத்து, விற்பவரின் பான் எண்ணை மாற்றக் கோர வேண்டும். அக்கோரிக்கை உங்கள் ஒப்புதலுக்கு வரும் என்பதால் நீங்களும் அத்தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பிறகு வருமானவரி மதிப்பீட்டு அலுவலரின் ஒப்புதலும் தேவைப்படும். அவர் வாங்கியவரின் பான் எண்ணுக்குரிய அலுவலர், வீடு இருக்கும் ஊருக்குரியவர் அல்லர். கிரயப்பத்திரம், செலுத்திய சலான், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை வாங்கியவரிடம் கொடுத்து வையுங்கள்.

பணம் அப்பா பெயரில் நிற்கிறதே என்று அவர் பெயரில் கணக்குத் தாக்கல் செய்துவிடாதீர்கள். விற்பனை அவர் மறைவுக்குப் பின் நடந்ததால் மூலதன ஆதாயம் உங்களுடையது. பதிவு 26AS-ல் மாறும் முன் அத்தொகையைக் கோரினால், பொருந்தவில்லை என்று வரவு மறுக்கப்பட வாய்ப்புண்டு.